படத்தில் மிஞ்சிய கை

எங்கள் தொலைக்காட்சி நிலையத்துக்கு வந்து ‘பேயோட்டி’ என்று கேட்டால் வாசல் காவலாளி யோசிக்காமல் மூன்றாவது மாடியைக் கை காட்டுவார். பழைய டேப்புகளைக் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்யும் அறை அது. உள்ளே எந்நேரமும் ஏசி ஓடும். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நெற்றியில் ஒன்றும் மூக்கில் ஒன்றுமாக இரண்டு கண்ணாடியோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வயது நாற்பத்தொன்பது. அந்தப் பெயரை வைத்தது நான்தான். பக்கத்து நாற்காலியில் ஒலியைச் சுத்தம் செய்பவன் நான். பதினெட்டு வருடமாக அவள் முணுமுணுப்பைக் கேட்டுக் கேட்டே என் காது பாதி போய்விட்டது.

அவள் ஓட்டும் பேய் எது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீடியோவில் நொடிக்கு ஐம்பது பாதிப் படங்கள். ஒரு பாதியில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த பாதியில் இரட்டைப்படை வரிகள். சில வெளிநாடுகளில் நொடிக்கு அறுபது. எங்கள் டேப்பை அவர்களுக்கு அனுப்பினால் ஐந்து படத்தை ஆறாக்க வேண்டும். இல்லாத படத்துக்கு எங்கே போவது? அக்கம்பக்கத்துப் படங்கள் இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து ஆறாக நிரப்பிவிடும் அந்தக் காலத்து மெஷின். ஓடுகிற ஆள் முந்தைய இடத்திலும் தெரிவான், அடுத்த இடத்திலும் தெரிவான், இரண்டும் அரைகுறையாக. அதைத்தான் நாங்கள் பேய் என்போம். அசல் டேப் தொலைந்து, மாற்றிய நகல் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்தக் கலவையைப் பிரித்துப் பழைய ஐந்தை மீட்டெடுக்க வேண்டும். அதுதான் அவள் வேலை.

வீட்டிலும் இதே கதைதான். அவள் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், வாய் நிறையச் சிரிக்கிற மனிதர். “அண்ணே, இவகூட உக்காந்து டிவி பாக்க முடியலண்ணே. கதாநாயகி அழுவுறா, இவ ‘கலந்துட்டான், கலந்துட்டான்’னு கத்துறா” என்று என்னிடம் புகார் வாசிப்பார்.

இதெல்லாம் அந்தப் படகுப் படம் திரும்பி வருவதற்கு முன்னால்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு பயணிகள் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை, அறுபத்து நான்கு பேர் உடல் கிடைத்தது. அன்று காலை எங்கள் கேமராமேன் ஒருவர் தற்செயலாகப் படகுத்துறையில் நின்று கொஞ்சம் படம் எடுத்திருந்தார். வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்கு ஒரு நகல் போனது. அசல் டேப்பின் மேல் அடுத்த மாதமே எங்கள் ஆட்கள் ஏதோ சமையல் நிகழ்ச்சியைப் பதிந்து தொலைத்தார்கள். டேப் மிச்சம் பிடிக்கிறார்களாம், புத்திசாலிகள். கடைசியில் வெளிநாட்டிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நகல் மட்டும்தான் எங்கள் கையில் இருந்தது.

பேயோட்டி அப்போது இருபத்து நான்கு வயதுப் பெண். டேப்புகளை அடுக்கி எண் ஒட்டுகிற வேலை. கலவை, பிரிப்பு எதுவும் தெரியாது. விபத்து நடந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு தையல்காரப் பெண் தினமும் நிலையத்து வரவேற்பறையில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அவளுடைய ஆறு வயதுப் பையன் அந்தப் படகில் போனான். உடல் கிடைத்துவிட்டது. அவனைக் கூட்டிக்கொண்டு போன அவள் கணவர் மட்டும் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் இறப்புச் சான்று இல்லை என்று அரசு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். சான்று அவளுக்குப் பெரிய விஷயமில்லை. “கடைசி நேரத்துல எம்புள்ள கையை அவரு புடிச்சிருந்தாரான்னு தெரிஞ்சா போதும். நான் தூங்கிடுவேன்” என்று ஒரே பாட்டைப் பாடினாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். நானும்தான் தாண்டிப் போனேன், பொய் சொல்வானேன்.

பேயோட்டிதான் மனசு கேட்காமல் மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். மெஷினில் நகலைப் போட்டு, பொத்தானில் ஒரு தட்டுக்கு ஒரு பாதிப் படம் என்று நகர்த்திக் காட்டினாள். துறையை விட்டு விலகிப் போகும் படகு. கேமரா படகின் கம்பி வேலி ஓரமாக மெல்ல நகர்கிறது. அந்த ஷாட்டின் கடைசியில் பையன் தெரிகிறான். தூணுக்குப் பக்கத்தில் நிற்கிறான், தோளில் யாருடையதோ கை. ஆள் தூணுக்குப் பின்னால். இன்னொரு தட்டு. பையன், கை. இன்னொரு தட்டு. பையனுக்குப் பின்னால் அவன் அப்பா. மங்கல்தான், ஆனால் முகம் சந்தேகமே இல்லை. தையல்கார அக்கா வீறிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இவளும் அழுதாள். மெஷின் அப்படியே நிற்க, அந்தப் படத்தை அச்சில் எடுத்துக் கொடுத்தாள்.

“நிஜமாத்தானே இருக்கு? என் கண்ணு ஏமாத்தலையே?” என்று கேட்டாளாம் அக்கா.

“நிஜம்க்கா. நானும் பாக்குறேன்ல?” என்று சொன்னாளாம் இவள்.

அந்தப் படம் செய்தியில் வந்தது. பத்திரிகையில் வந்தது. ‘சாவிலும் மகனைக் கைவிடாத தந்தை’ என்று தலைப்புப் போட்டார்கள். அதை வைத்து இறப்புச் சான்று கிடைத்தது. படகுத்துறையில் வைத்த கல்லில் அறுபத்தைந்தாவது பெயராக அவர் பெயரைப் பொறித்தார்கள். அக்கா பேட்டியில் அழாமல் பேசினாள். அவர் கூட இருந்தார், எம்புள்ள பயப்பட்டிருக்க மாட்டான் என்றாள்.

நல்ல காரியம் செய்த திருப்தி பேயோட்டிக்கு. அதற்குப் பிறகுதான் அவள் இந்த வேலையையே ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டாள். எத்தனையோ நாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். “அண்ணே, நான் உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்” என்பாள்.

இந்த வருடம் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு நிகழ்ச்சி தயாரானது. தயாரிப்பாளர் மாடிக்கு வந்து, “அந்தப் படம் திரை முழுக்க வரணும். பேய் மாதிரி மங்கலா இருக்கு, அப்பா முகத்தைப் பளிச்சுன்னு ஆக்கிக் குடுங்க. மூணு நாள் போதும்ல?” என்றார். சட்டையில் கறையைக் காட்டிச் சலவைக்காரரிடம் சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பேயோட்டி முதலில் கணினிக் கருவியை ஓடவிட்டாள். படகு ஷாட் ஓரளவு சுத்தமாக வந்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட படத்தையே காணோம். கருவி அதைத் தூக்கி எறிந்திருந்தது.

“ஏம்மா, எங்க போச்சு அந்த அப்பா படம்?” என்று கேட்டேன்.

“ரெண்டு ஷாட் சேர்ற எடம்ணே. இந்தக் கருவிக்கு அங்கெல்லாம் அறிவு வேலை செய்யாது. கையால போடணும்” என்றாள். சொன்னவள் சட்டென்று நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள். ரெண்டு ஷாட் சேர்ற இடம் என்று தன் வாயாலேயே சொன்னது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்கிறது. எனக்கு உறைக்கவில்லை.

கையால் போடுவது எப்படி என்றால், ஆறு படத்துக்கு ஒன்று ஏறக்குறைய கலப்பில்லாமல் நிற்கும். அதற்கு அடுத்ததில் அதன் பங்கு ஆறில் ஒன்று, புதுப் படத்தின் பங்கு ஆறில் ஐந்து. தெரிந்ததன் பங்கைக் கழித்து, மீதியைப் பெருக்கி முழு அளவுக்குக் கொண்டுவந்தால் புதுப் படம் கிடைக்கும். அதை வைத்து அடுத்தது. இப்படி இடப்பக்கம் இருந்து இரண்டு, வலப்பக்கச் சுத்தப் படத்திலிருந்து பின்னோக்கி இரண்டு. நடுவில் பாதிக்குப் பாதி கலந்த ஒன்று மிஞ்சும். அதைப் பிரிக்க வேண்டியதே இல்லை, அதுதான் சாட்சி. இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த படங்களைச் சரிபாதி கூட்டினால் அது அப்படியே வர வேண்டும். வராவிட்டால் கணக்கு தப்பு. அந்த நாட்டு அறுபது முழு அறுபது இல்லை, ஒரு துளி குறைவு. அதனால் பங்குகள் மெல்ல நழுவிக்கொண்டே போகும், ஒவ்வொரு இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். பெருக்கப் பெருக்கப் புள்ளி அழுக்கும் சேர்ந்து பெருகும். ஒரு படத்துக்கு அரை நாள் போய்விடும்.

அப்பா இருந்த படம் நடுவில் இருந்த அந்தப் பாதிக்குப் பாதி.

மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் நெற்றியிலும் மூக்கிலும் கண்ணாடி இல்லை, இரண்டும் மேசையில் கிடந்தன. திரையில் இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில்.

இடப்பக்கம் படகு. கம்பி வேலி, பையன், தோளில் கை. அவனுக்குப் பின்னால் வெறும் தூணும் தண்ணீரும்.

வலப்பக்கம் படகுத்துறை. அடுத்த ஷாட்டின் முதல் படம். படத்தின் ஓரத்தில் அப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் படகு நிற்கும் இடம் காலி, அவிழ்த்த கயிறு தரையில் கிடக்கிறது. தூரத்தில் தண்ணீரில் படகு. அவர் கேமராவைப் பார்க்கவில்லை, வாயைத் திறந்திருக்கிறார். கையில் சின்னப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டும் தண்ணீர் பாட்டில், மூடி வாரோடு தொங்குகிறது.

“கூட்டிப் பாத்தியா?” என்றேன்.

“மூணு தடவை பாத்துட்டேண்ணே. அப்பிடியே அந்த ஃபோட்டோ வருது.”

அவ்வளவுதான் விஷயம். அந்த மனிதர் படகில் இல்லை. படகு போன பிறகு கரையில் நின்றவரை, மெஷின் எடுத்துப் படகில் இருந்த மகனுக்குப் பின்னால் வைத்துவிட்டது. அறுபதில் ஒரு பங்கு நொடிக்குள் எந்த மனிதன் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பான் என்று நாங்கள் ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. நிலையத்தில் இத்தனை பேர், இத்தனை பட்டம், இத்தனை சம்பளம்.

“இன்னும் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தா அவரு கரையில நிக்கிறது தெரிஞ்சிருக்கும்ணே. அக்கா கையப் புடிச்சிட்டாங்க, நான் தட்டல. இருபத்தஞ்சு வருஷமா யாருமே தட்டல” என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுததை நான் எழுதப்போவதில்லை.

எனக்கு ஒரு வழி தோன்றியது. சொல்லவும் செய்தேன். “விடும்மா. டேப் இவ்வளவுதான் சுத்தமாகும்னு சொல்லிடு. பழைய படத்தையே போடட்டும். அந்தம்மா நிம்மதியா இருக்காங்க, ஏன் கெடுக்கணும்?”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கமாகிவிட்டது.

“அவரு உயிரோட கரையில நின்னாருண்ணே. தண்ணி புடிக்கப் போயி படகை விட்டுட்டாரு. அப்புறம் படகு கவுந்துடுச்சு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போவாரு? ஒரு நாள், ஒரு வாரம், ரெண்டு மாசம் எங்கயோ கெடந்திருப்பாரு. அதுக்குள்ள செய்தியில இந்த ஃபோட்டோ வருது. பொண்டாட்டி வந்து, அவரு கூட இருந்தாரு, அதான் எனக்கு ஆறுதல்னு பேசுது. கல்லுல பேரு வெட்டிட்டாங்க. இதுக்கு மேல எப்பிடி வருவாரு? வந்தா அந்தம்மாவுக்கு இருக்குற ஒரே ஆறுதலும் போயிடும்ல? கதவச் சாத்துனது நான்தாண்ணே.”

அப்படியும் இருக்கலாம், அன்றே அவர் தண்ணீரில் குதித்து இறந்தும் இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு மடிக்கணினியைப் பையில் வைத்தாள்.

நானும் கூடப் போனேன். தையல்கார அக்காவின் கடை ஒரு சந்தில் முதல் மாடி. ஐம்பத்தாறு வயது, முடி முழுக்க நரை. சுவரில் அந்தப் படம், ஓரமெல்லாம் பழுப்பேறி. எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, “வா தங்கச்சி, நினைப்பு வந்துச்சா?” என்று துணி வெட்டும் மேசையை ஒதுக்கினாள்.

பேயோட்டி சுற்றி வளைக்கவில்லை. மேசையில் மடிக்கணினியை வைத்து, எது எப்படிக் கலந்தது என்று இரண்டு துணித்துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டுக் காட்டினாள். பிறகு இரண்டு படத்தையும் காட்டினாள்.

அக்கா கணவரின் படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். தொடவில்லை.

“பாட்டில் அவனோடது” என்றாள். “வார் பிஞ்சு போயி நான்தான் தச்சுக் குடுத்தேன்.” பிறகு, “அப்ப அவன் தனியாத்தான் போனான்” என்றாள்.



“அவரு எங்கிட்ட வந்திருக்கலாம்ல? திட்டியிருப்பேன். அடிச்சுகூட இருப்பேன். அப்புறம் சோறு போட்டிருப்பேன். அவ்வளவு நாளும் என் கூட இருந்தவருக்கு அது தெரியாதா?” என்று எங்களைத்தான் கேட்டாள். பேயோட்டி தன் சந்தேகத்தையும் சொல்லிவிட்டாள், செய்தியில் வந்த படம், பேட்டி, கல் எல்லாவற்றையும். சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு மனசு சொல்கிறது. அக்கா காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“டிவில போடுங்க” என்றாள் கடைசியாக. “ரெண்டையும் போடுங்க. எங்கயாவது இருந்தா பாக்கட்டும். வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்.”

போட்டோம். தயாரிப்பாளர் முதலில் குதித்தார், பிறகு இது இன்னும் பெரிய செய்தி என்று புரிந்து அடங்கினார். கரையில் நிற்கும் படம் பத்து நொடி திரையில் நின்றது, கீழே எங்கள் தொலைபேசி எண். இருநூறு அழைப்பு வந்தது. அவரைப் பற்றி உருப்படியாக ஒன்றுகூட இல்லை. அக்கா கல்லிலிருந்து கணவர் பெயரை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தாள். இறந்தவர் பட்டியலிலிருந்து பெயரை நீக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்தது. நான் சத்தமாகச் சிரித்தேன். பேயோட்டி சிரிக்கவில்லை.

அப்போதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். எந்த டேப் ஆனாலும், தேடியது கிடைத்த பிறகு இன்னும் ஒரு தட்டு தட்டுவாள். அடுத்ததில் ஒன்றுமே இருக்காது, தட்டுவாள். நான் கிண்டல் செய்வதில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா எங்கள் மாடிக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. அவளுக்கு வேண்டியது இடப்பக்கத்துப் படம். அதில் தோளில் இருந்த கை.

“இத்தன வருஷமா அது அவரு கைன்னு நெனச்சிருந்தேன். அவரு இல்லன்னா அப்ப இது யாரு கை?”

அதைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். மெலிந்த கை, மணிக்கட்டில் உள்பக்கம் திருப்பிக் கட்டிய கடிகாரம். பையன் சட்டையைத் தோளோடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. பையன் போக மற்ற அறுபத்து மூன்று பேரில் யாரோ ஒருவருடையது. வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன் என்றாள். யார் கடிகாரத்தை உள்பக்கம் திருப்பிக் கட்டுவார்கள் என்று வீட்டு ஆட்களுக்குத் தெரியாமலா போகும்?

பேயோட்டி அச்செடுத்துக் கொடுத்தாள். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இந்தக் கை நிஜந்தானே?”

“நிஜம்க்கா. முன்னாடி இருக்குற படங்கள்லயும் இருக்கு. எல்லாத்தையும் கழிச்சுப் பாத்துட்டேன்.”

“அன்னிக்கும் இப்பிடித்தான் சொன்னே” என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. படத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

இதுவரை நாற்பத்தொரு வீடு முடிந்திருக்கிறது.